பில்லில் இருந்து எடுத்த தொகையும் தேதியும்: கூட்டல் தப்பினால், வரிசை கலைந்தால் என்ன செய்வது?

கம்பத்தில் காய்கறி மண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். குமுளி மலை ஏறிக் கேரளாவுக்குப் போகும் லோடுகளின் பில்லைப் போனில் படம் எடுத்து, படத்தில் இருக்கிற எழுத்தைக் காப்பி செய்து ஷீட்டில் ஒட்டுவது இப்போது எல்லா மண்டியிலும் நடக்கிறது. அப்படி ஒட்டியபின் என்னிடம் வரும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவை இவை. பெரும்பாலும் கூகுள் ஷீட்டை வைத்தே சொல்கிறேன். எக்செலில் வேறுபடுகிற இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, அஞ்சு பில்லு போட்டேன், கூட்டினா ரெண்டு பில்லுத் தொகைதான் வருது. ஏன்?

மற்ற மூன்றும் ஷீட்டின் கண்ணுக்கு எண்ணே இல்லை, எழுத்து. நீங்கள் அனுப்பிய ஐந்து வரியையும் பில்லில் இருந்தபடியே இங்கே வைக்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க இதையே வைத்துப் பார்ப்போம்.

```
B            C
05/04/2024   Rs.18,450
12/04/2024   22,300/-
19/04/2024   ₹ 1,05,200.00
26/04/2024   9,875
04/05/2024   31,640
```

காகிதத்தில் கூட்டினால் 1,87,465 வரவேண்டும். `SUM` காட்டியது 41,515. அதாவது 9,875-ம் 31,640-ம் மட்டும். முதல் வரியில் `Rs.` ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டாவதில் `/-` இருக்கிறது, மூன்றாவதில் ரூபாய்க் குறியும் அதன் பின்னால் ஓர் இடைவெளியும் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஷீட் ஒரு பெயரைப் போல, ஊரைப் போல எழுத்தாகவே வைத்துக்கொண்டது.

இதில் மோசமான விஷயம், `SUM` எந்தப் புகாரும் சொல்லாது. எழுத்தாக இருக்கும் கட்டத்தை அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி வந்தால் தேடுவோம். 41,515 என்று ஒரு நல்ல எண் வந்து நிற்கும்போது யார் தேடுவார்கள்?

ஐம்பது வரி இருந்தா எதெல்லாம் எழுத்து, எதெல்லாம் எண்ணுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் கண்ணால் பாருங்கள். நீங்கள் ஓரத்தை மாற்றாமல் விட்டிருந்தால் எண் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டால் இந்த அடையாளம் போய்விடும். அதனால் கணக்கு முடியும் வரை ஓரத்தைத் தொடாதீர்கள்.

உறுதியாகத் தெரிய இதைப் போடுங்கள்:

```
=COUNTA(C2:C6)-COUNT(C2:C6)
```

`COUNTA` நிரம்பிய எல்லாக் கட்டத்தையும் எண்ணும். `COUNT` எண் உள்ள கட்டத்தை மட்டும் எண்ணும். வித்தியாசம் பூஜ்யமாக இருக்கவேண்டும். நம் ஐந்து வரிக்கு 3 வந்தது. நான் எந்தக் கணக்கிலும் மொத்தத் தொகைக்கு அடுத்த கட்டத்தில் இதை வைத்துவிடுவேன். பூஜ்யம் இல்லாவிட்டால் மொத்தத்தைப் பார்க்கவே மாட்டேன்.

ஃபார்மட்டுல போயி நம்பர்னு மாத்திட்டேனே, அப்பவும் கூட்ட மாட்டேங்குது?

ஃபார்மட் என்பது உள்ளே இருப்பதை எப்படிக் காட்டுவது என்று சொல்வது மட்டும்தான். உள்ளே எழுத்து இருந்தால் அது எழுத்தாகவே இருக்கும். மதிப்பை மாற்றத்தான் வேண்டும்.

`Rs` என்பதை மட்டும் தேடி அழித்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. `Rs.18,450` என்பதில் `Rs` போனால் மிச்சம் `.18,450`. அப்புறம் கமாவையும் எடுத்தால் `.18450`. அது இப்போது எண்தான், `COUNT` அதை ஒத்துக்கொள்ளும், ஆனால் பதினெட்டாயிரம் பதினெட்டுப் பைசா ஆகிவிட்டது. அழிப்பதானால் புள்ளியோடு சேர்த்து `Rs.` என்று அழிக்கவேண்டும்.

கூகுள் ஷீட்டில் எனக்குப் பிடித்த வழி, வேண்டாததை அழிப்பதற்குப் பதில் வேண்டியதைப் பிடுங்கி எடுப்பது. முதல் இலக்கத்தில் தொடங்கி, இலக்கமும் கமாவும் தசமப் புள்ளியும் தொடரும் வரை எடு என்று சொல்கிறோம்:

```
=VALUE(SUBSTITUTE(REGEXEXTRACT(C2&"","[0-9][0-9,]*\.?[0-9]*"),",",""))
```

இலக்கத்தில்தான் தொடங்கும் என்பதால் `Rs.`-இன் புள்ளி உள்ளே வராது. `/-` தானாக வெட்டுப்படும். `C2&""` என்று போட்டதற்குக் காரணம், சில கட்டங்கள் ஏற்கெனவே எண்ணாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒருமுறை எழுத்தாக்கி ஒரே வழியில் கொண்டுபோகிறோம். இதைப் புதுப் பத்தியில், அதாவது D-யில், போட்டு இழுத்துவிடுங்கள். ஐந்து வரியும் எண்ணாகி, மொத்தம் 1,87,465 வந்துவிடும்.

எக்செலில் இப்படிச் செய்யலாம்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
SUBSTITUTE(C2,"Rs.",""),"₹",""),"/-",""),",",""),
UNICHAR(160),""))
```

கடைசியில் இருக்கும் `UNICHAR(160)` பார்க்க இடைவெளி போலவே இருக்கும் வேறு ஓர் எழுத்து. இணையப் பக்கத்தில் இருந்தும் பிடிஎஃப்பில் இருந்தும் காப்பி செய்தால் தொகையோடு கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். `TRIM` அதை எடுக்காது. 'கண்ணுக்கு ஒண்ணுமே இல்லை, ஆனாலும் எண்ணாக மாட்டேங்குது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இந்த எக்செல் வாய்ப்பாட்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. `RS.` என்று வந்தால் அது விலகாது, `#VALUE!` என்று வரும். அது நல்லதுதான், தப்பு கண்ணில் படுகிறது.

கழிவுத் தொகையை பில்லுல அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்காங்க. அது என்ன ஆகும்?

மேலே கொடுத்த கூகுள் ஷீட் வாய்ப்பாடு அதைக் கெடுத்துவிடும். `(1,250)` என்றால் 1,250 கழிக்கவேண்டும் என்று அர்த்தம். வாய்ப்பாடோ இலக்கத்தை மட்டும் எடுத்துக் கூட்டலில் சேர்த்துவிடும். முன்னால் கழித்தல் குறி இருந்தாலும் இதே கதிதான். வித்தியாசம் இரண்டு மடங்காக, 2,500 ஆக விழும்.

அழுகல் கழிவு, எடைக் குறைவு இதெல்லாம் எங்கள் பில்களில் சாதாரணமாக வரும். அதனால் நான் கழிவுக்குத் தனிப் பத்தி வைத்து, அங்கே வெறும் எண்ணாகப் போட்டு, கடைசியில் கழித்துக்கொள்கிறேன். ஒரே பத்தியில்தான் வேண்டும் என்றால், அடைப்புக்குறியோ கழித்தல் குறியோ உள்ள வரிகளை முதலில் வடிகட்டிக் கையால் எதிர்மறை எண்ணாக அடித்துவிடுங்கள்.

தேதி வரிசையில போட்டேன். மே மாச பில்லு மேலே வந்துருச்சு, ஏப்ரல் 12 டிசம்பர்ல போய் நிக்குது. என்னக்கா இது?

தொகைக் கோளாறை விட இது ஆபத்தானது. சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

ஷீட்டுக்குள் தேதி என்பது ஓர் எண். 2024 ஏப்ரல் 1 என்றால் உள்ளே 45383. மறுநாள் 45384. 1900-ஐ ஒட்டித் தொடங்கி நாள் நாளாக எண்ணிக்கொண்டு வருகிறது. நமக்கு அதைத் தேதியாகக் காட்டுவது ஃபார்மட்டின் வேலை. இந்த எண் சரியாக இருந்தால் வரிசை, மாதக் கூட்டல், எத்தனை நாள் பாக்கி என்பதெல்லாம் சரியாக வரும்.

எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்று சொல்லும் `Locale` உங்கள் ஷீட்டில் அமெரிக்காவாக இருந்திருக்கிறது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. நீங்கள் `05/04/2024` ஒட்டியதும் அது மே 4 என்று எடுத்துக்கொண்டது. `12/04/2024` டிசம்பர் 4 ஆனது. `04/05/2024` ஏப்ரல் 5 ஆனது. `19/04/2024` வந்தபோது 19-வது மாதம் இல்லை என்பதால் அதைத் தேதியாக எடுக்காமல் எழுத்தாக விட்டுவிட்டது. `26/04/2024`-ம் அப்படியே.

ஆக, ஐந்தில் மூன்று தவறான தேதி, இரண்டு தேதியே இல்லை. சரியான தேதி ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தும்போது எண்கள் முதலில் வரும், எழுத்து பின்னால் போகும். அதனால்தான் மே 4 பில் ஏப்ரல் 5 என்ற வேஷத்தில் உச்சியில் உட்கார்ந்தது, ஏப்ரல் 19-ம் 26-ம் டிசம்பருக்கும் கீழே போய்விட்டன.

ஏப்ரல் மாத மொத்தம் கேட்டால் என்ன வரும் தெரியுமா? உண்மையில் நான்கு பில், 1,55,825 ரூபாய். இந்த ஷீட் சொல்வது ஒரே பில், 31,640. அந்த ஒன்றும் மே மாதத்து பில்.

கட்டத்தில் பார்த்தால் `05/04/2024` என்றே தெரிகிறது என்பதுதான் இதில் ஏமாற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாதத்தைப் பெயராகக் காட்டச் சொல்லுங்கள்:

```
=TEXT(B2,"dd-mmm-yyyy")
```

`04-May-2024` என்று வந்தால் புரிந்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. ஒரு பத்தியில் 12 வரையிலான நாளெல்லாம் வலது ஓரத்திலும், 12-க்கு மேலான நாளெல்லாம் இடது ஓரத்திலும் நின்றால் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்ப `Locale`-ஐ இந்தியான்னு மாத்திட்டா சரியாயிடுமா?

இனிமேல் போடுவதற்குச் சரியாகும். ஏற்கெனவே போட்டதற்கு ஆகாது. `File` → `Settings` → `Locale` போய் `India` என்று வையுங்கள். இதைப் புது ஷீட் திறந்ததும் முதல் வேலையாகச் செய்யவேண்டும். ஏற்கெனவே மே 4 ஆகிவிட்ட கட்டத்தில் உள்ளே இருக்கும் எண் 45416. `Locale` மாறினாலும் அது 45416-ஆகவே இருக்கும், காட்டும் விதம் மட்டும் மாறும். ஏப்ரல் 5-க்கு இருக்கவேண்டியது 45387.

அசல் பில் கையில் இருந்தால் தேதிப் பத்தியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஒட்டுவதுதான் நல்லது. அசல் இல்லாவிட்டால், பத்தி முழுவதும் ஒரே தடவையில், ஒரே `Locale`-இல் ஒட்டப்பட்டது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைப் போடலாம்:

```
=IF(ISNUMBER(B2),
DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2)),
DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

எண்ணாக இருந்தால் மாதத்தையும் நாளையும் இடம் மாற்றுகிறது. எழுத்தாக இருந்தால் துண்டு துண்டாக எடுத்துத் தேதி கட்டுகிறது. நடுவில் யாராவது சில தேதிகளைக் கையால் சரிசெய்திருந்தால் இது அந்தச் சரியான தேதிகளையும் கெடுத்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. பாதி திருத்திய ஷீட்டில் இதை ஓட்டிவிட்டு, நூற்றுச் சொச்சம் பில்லைத் திரும்பக் கட்டுப் பிரித்துப் பார்த்தேன்.

முதல்லயே தப்பு வராம ஒட்ட வழி இல்லையா?

இருக்கிறது. ஷீட்டைத் தேதியை ஊகிக்கவே விடக்கூடாது. ஒட்டுவதற்கு முன்பே B பத்தியைத் தேர்ந்தெடுத்து `Format` → `Number` → `Plain text` வைத்துவிடுங்கள். அப்புறம் `Ctrl+Shift+V` போட்டு ஒட்டுங்கள். வெறும் `Ctrl+V` போட்டால் மூலத்தில் இருக்கும் ஃபார்மட்டும் கூட வந்துவிடலாம். இப்போது எல்லாத் தேதியும் பில்லில் உள்ளபடியே எழுத்தாக நிற்கும். பக்கத்தில் E பத்தியில் உண்மையான தேதியை நாமே கட்டுகிறோம்:

```
=DATE(2000+RIGHT(TRIM(B2),2),
INDEX(SPLIT(TRIM(B2),"/.-"),2),
INDEX(SPLIT(TRIM(B2),"/.-"),1))
```

நம் கைக்கு வரும் சீட்டுகளில் ஒருவர் `05/04/2024` என்று எழுதுவார், ஒருவர் `5.4.24` என்பார், இன்னொருவர் `05-04-24` என்பார். இந்த வாய்ப்பாடு சாய்கோடு, புள்ளி, இடைக்கோடு எதுவானாலும் அங்கே வெட்டும். வருடத்துக்குக் கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்து 2000 சேர்க்கிறது. அந்த 2000 இல்லாமல் `DATE(24,4,5)` என்று போட்டால் 1924 ஆகிவிடும், கவனம்.

E பத்தியில் 45387 மாதிரி எண் தெரிந்தால் பயப்படவேண்டாம். சரியாகத்தான் வந்திருக்கிறது. `Format` → `Number` → `Date` வையுங்கள்.

எக்செலில் பத்தியை `Text` என்று வைத்து ஒட்டிய பிறகு, அதைத் தேர்ந்தெடுத்து `Data` → `Text to Columns` போங்கள். இரண்டு முறை `Next`, மூன்றாவது திரையில் `Date` என்பதைத் தொட்டுப் பக்கத்தில் `DMY` என்று தேர்ந்து `Finish`. நாள், மாதம், வருடம் என்ற வரிசையை நாமே சொல்லிவிடுவதால் அது ஊகிக்காது.

31/04 னு ஒரு தேதி வந்துச்சு. பிழை எதுவும் காட்டலையே?

காட்டாது. `DATE` ரொம்ப இளகின மனசு. ஏப்ரலுக்கு 30 நாள்தான் என்பதால் 31-ஐ மே 1 என்று எடுத்துக்கொள்ளும். மாதம் 13 என்றால் அடுத்த வருட ஜனவரிக்குப் போய்விடும். படத்தில் இருந்து எழுத்து எடுக்கும்போது 1-ம் 7-ம், 0-ம் 6-ம் மாறிப்போவது உண்டு, குறிப்பாகக் கார்பன் தாள் பில்களில். அதனால் F பத்தியில் ஒரு காவல் வைக்கிறேன்:

```
=MONTH(E2)=VALUE(INDEX(SPLIT(TRIM(B2),"/.-"),2))
```

கட்டிய தேதியின் மாதமும் பில்லில் எழுதிய மாதமும் ஒன்றா என்று கேட்கிறது. நாள் மிஞ்சினாலும் மாதம் மிஞ்சினாலும் மாதம் நகர்ந்துவிடும், `FALSE` வரும். அந்தப் பில்லை எடுத்துக் கண்ணால் பாருங்கள். 5 என்பது 6 என்று மாறியிருந்தால் இது பிடிக்காது. அதற்கு பில் எண் வரிசையோடு தேதி வரிசை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

தொகைக்கும் இப்படி ஒரு காவல் உண்டு. பில்லில் எடையும் விலையும் இருந்தால் இரண்டையும் பெருக்கித் தொகையோடு ஒத்துப் பாருங்கள். 12,500-இல் கமா புள்ளியாகப் படிக்கப்பட்டு 12.500 ஆனால் பன்னிரண்டரை ரூபாய் ஆகிவிடும். பெருக்கிப் பார்க்காமல் அது வெளிவராது.

பில் எண்ணையும் இ-வே பில் எண்ணையும் எண்ணா மாத்தணுமா?

கூடாது. எதைக் கூட்டுவோமோ, எதைப் பெரிசு சின்னது என்று ஒப்பிடுவோமோ அதுதான் எண். பில் எண்ணை யாரும் கூட்டப்போவதில்லை. `0047` என்பது எண்ணானால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். `12/4` என்று பில் எண் இருந்தால் அதைத் தேதியாகவே மாற்றிவிடும். இ-வே பில் எண் 12 இலக்கம், எக்செல் அதை `1.23457E+11` போலச் சுருக்கிக் காட்டும். வங்கிக் கணக்கு எண் 15 இலக்கத்தைத் தாண்டினால் எக்செல் அதற்கு மேல் உள்ள இலக்கங்களைப் பூஜ்யமாக்கியே விடும், திரும்ப எடுக்கவும் முடியாது. இவை எல்லாவற்றையும் ஒட்டும் முன்பே `Plain text` ஆக்கிவிடுங்கள்.

கமாவை எல்லாம் எடுத்துட்டா லட்சம் எப்படித் தெரியும்? முதலாளி கோவிச்சுக்குவாரு.

உள்ளே 105200 என்றுதான் இருக்கவேண்டும். 1,05,200 என்று காட்டுவதை ஃபார்மட் பார்த்துக்கொள்ளும். `Custom number format`-இல் இதை அப்படியே போடுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00
```

கோடிக்கு ஒன்று, லட்சத்துக்கு ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று மூன்று பகுதி. எதிர்மறைத் தொகைகள் மூன்றாவது பகுதியில் விழுவதால், லட்சத்துக்கு மேல் கழிவு வந்தால் கமா மட்டும் வெளிநாட்டு முறையில் விழும். மதிப்பு மாறாது.

கிலோ, பெட்டி எல்லாம் தொகை மாதிரியேதானா?

ஆமாம். `320 kg` என்று ஒரே கட்டத்தில் இருந்தால் எழுத்து. 320 ஒரு பத்தி, அளவு ஒரு பத்தி.

மாச வாரியா எடுக்க ஒரே வாய்ப்பாடு இருந்தா சொல்லுங்கக்கா.

D-யில் உண்மையான தொகை, E-யில் உண்மையான தேதி வந்தபின் இது போதும்:

```
=SUMIFS(D2:D6,E2:E6,">="&DATE(2024,4,1),E2:E6,"<"&DATE(2024,5,1))
```

மே 1-க்கு முன் என்று எழுதுவதால் ஏப்ரலுக்கு 30 நாளா 31 நாளா என்று யோசிக்கவேண்டியதில்லை. நம் ஐந்து வரிக்கு இப்போது 1,55,825 வரும். மே மாதத்துக்குத் தேதிகளை ஒரு மாதம் நகர்த்தினால் 31,640. இரண்டையும் கூட்டினால் 1,87,465, முதலில் காகிதத்தில் வந்த அதே தொகை. எத்தனை மாதம் இருந்தாலும் மாதத் தொகைகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். குறைந்தால் ஏதோ ஒரு தேதி இன்னும் எழுத்தாகவே நிற்கிறது, அல்லது நீங்கள் எடுக்காத மாதத்துக்கு ஓடிப்போயிருக்கிறது.

B, C பத்திகளை அப்புறம் அழிச்சிடலாமா?

அழிக்காதீர்கள். D-யும் E-யும் அவற்றில் இருந்துதான் கணக்கிடப்படுகின்றன. அழித்தால் எல்லாம் பிழையாகும். இடத்தை அடைக்கிறது என்றால் வலது கிளிக் செய்து மறைத்து வையுங்கள். மலைக்கு மேலே இருக்கிற வியாபாரி மூன்று மாதம் கழித்து 'நான் அனுப்பின பில்லுல அப்படி இல்லையே' என்று கேட்கும்போது, `Rs.18,450` என்று பில்லில் இருந்த அதே எழுத்தை அவருக்குக் காட்ட அந்தப் பத்திதான் வேண்டும்.